சுக்காஹம்னிதா: கொரிய நண்பருக்கு ஒரு திருமண வாழ்த்து

(கொரியர்களோடு பணிபுரிவோர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியர்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் தமிழர்கள் பெருகிவிட்டார்கள். இந்த அவையிலும் அப்படிப் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்காக நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பக்கத்து மேசையில் வேலை செய்யும் கொரியருக்குத் திருமணம். சியோலில் கல்யாணம் வைத்திருக்கிறார். நீங்கள் அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுக்க நினைக்கிறீர்கள். அதில் 'சுக்காஹம்னிதா' என்ற சொல்லை எப்படி வைப்பது, அது எந்த அளவு மரியாதையைச் சுமக்கிறது, அந்தச் சொல் சுமக்காத மரியாதையை அட்டையில் எங்கே வைப்பது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரிய மொழியில் மரியாதை என்பது ஒன்றல்ல, மூன்று. பேச்சைக் கேட்பவருக்குத் தரும் மரியாதை ஒன்று. செயலைச் செய்பவருக்குத் தரும் மரியாதை இன்னொன்று. பேசுகிறவர் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பணிவு மூன்றாவது. இந்த மூன்றுக்கும் வினைச்சொல்லுக்குள் தனித்தனி இடம் உண்டு. சுக்காஹம்னிதாவில் இருப்பது முதலாவது மட்டுமே. உடன் வேலை செய்பவருக்கு எழுதும் வாழ்த்து வரிக்கு அது போதும். மற்ற இரண்டையும் தெரியாமல் அதே வரிக்குள் திணிக்கும்போதுதான் அட்டை தடுமாறுகிறது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'சுக்கா' என்பது சீன எழுத்து வழியாகக் கொரியத்துக்கு வந்த பெயர்ச்சொல். மகிழ்ச்சியான ஒரு நிகழ்வுக்காக ஒருவரைப் பாராட்டி வாழ்த்துவது என்று பொருள். அதோடு 'செய்' என்ற பொருளுள்ள 'ஹா' என்னும் வினைப்பகுதி சேர்கிறது. கடைசியில் 'ம்னிதா' என்ற விகுதி. மொத்தத்தில் 'வாழ்த்துகிறேன்' என்று ஆகிறது. 'நான்' என்ற சொல் அதில் இல்லை; கொரிய வினையில் இடம் காட்டும் விகுதியும் இல்லை. யார் வாழ்த்துகிறார் என்பது சூழ்நிலையிலிருந்தே தெரிந்துவிடும்.

மரியாதை உட்கார்ந்திருக்கும் இடம் அந்தக் கடைசி விகுதி. இதைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. கொங்குப் பக்கத்துக்காரர் ஒருவர் பெரியவரிடம் "மழை வருதுங்க" என்கிறார். அந்த 'ங்க' மழைக்குத் தந்த மரியாதை அல்ல. கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவருக்குத் தந்தது. எழுவாய் எதுவாக இருந்தாலும், எதிரே நிற்பவருக்கு உரிய மரியாதை வாக்கியத்தின் வாலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. கொரியத்தின் 'ம்னிதா' செய்யும் வேலை இதுதான். மழை வருகிறது என்பதை மேலதிகாரியிடம் 'பிகா ஓம்னிதா' என்று சொல்வார்கள். 'பி' என்றால் மழை. அங்கேயும் மரியாதை அதிகாரிக்குத்தான் போகிறது.

இந்த விகுதியை மாற்றிக்கொண்டே போனால் மரியாதையின் படிகள் தெரியும். இலக்கண நூல்கள் ஆறு படிகளைச் சொல்கின்றன. மாமனார் மருமகனிடம் பேசும் ஒரு தனிப் படிகூட அவற்றில் உண்டு. நம் வேலைக்கு மூன்று போதும். 'சுக்காஹே' என்பது நெருங்கிய நண்பரிடமும் தம்பி தங்கையிடமும் சொல்வது. இந்தப் பேச்சுக்குப் 'பான்மால்' என்று பெயர். 'சுக்காஹேயோ' என்பது கனிவும் மரியாதையும் கலந்த அன்றாடப் பேச்சு. கடையிலும், அக்கம்பக்கத்திலும், அலுவலக உணவறையிலும் கேட்பது இதுதான். 'சுக்காஹம்னிதா' மூன்றாவது. இலக்கணத்தில் 'ஹாஷிப்ஷியோ' படி என்பார்கள்.

இந்த மூன்றாவது படியைப் 'பெரியவர்களுக்கு மட்டும் உரியது' என்று நினைத்துவிடக் கூடாது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் இந்தப் படியில்தான் பேசுகிறார். ரயில் நிலைய அறிவிப்பும் மேடைப் பேச்சும் இந்தப் படியில்தான் வருகின்றன. கொரியாவில் பிறந்தநாள் பாட்டுக்கும் இதே சொல்தான். மூன்று வயதுக் குழந்தை கேக்கின் முன்னால் நிற்கிறது. தாத்தா பாட்டி உட்பட எல்லோரும் அந்தக் குழந்தையைப் பார்த்து 'சுக்காஹம்னிதா' என்றே பாடுகிறார்கள். குழந்தை அவர்களைவிடப் பெரியது என்பதால் அல்ல. அது ஒரு சடங்கு, பலர் கூடிய நிகழ்ச்சி, அந்த நிகழ்ச்சிக்கு உரிய நடை அது. அதாவது, ம்னிதாவில் இருக்கும் மரியாதையில் பாதி எதிரே இருப்பவருக்கு, பாதி சந்தர்ப்பத்துக்கு.

திருமண அட்டைக்கு இந்தச் சொல் பொருந்துவதும் அதனால்தான். பக்கத்து மேசைக்காரரோடு நீங்கள் தினமும் ஹேயோ படியில் பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் அட்டை நாளைக்கு அவர் வீட்டு மேசையில் இருக்கும். மணப்பெண் படிப்பார், அவருடைய அம்மா அப்பா படிப்பார்கள். பேச்சுக்கு ஹேயோவும் அட்டைக்கு ம்னிதாவும் எழுதுவது விலகலாகத் தோன்றாது; நிகழ்ச்சியின் கனத்தை உணர்ந்து எழுதியதாகவே தோன்றும்.

இப்போது ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் பார்ப்போம். மணமகன் 'கிம்' என்ற குடும்பப்பெயர் உடையவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் 'தேரி' பதவியில் இருக்கிறார். கொரிய நிறுவனங்களில் 'சாவொன்' என்ற தொடக்கநிலை ஊழியருக்கு அடுத்த படி தேரி. அதற்கு மேல் குவாஜாங், சாஜாங், புஜாங் என்று ஏறும். உங்களுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தமிழில் யோசித்துக்கொண்டே, அகராதியைப் புரட்டி எழுதினால் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

கிம் ஸ்ஸிஎகே
தாங்ஷினெ கியொல்ஹோனுல் சுக்காஹாஷிம்னிதா.

'கிம் அவர்களுக்கு, உங்கள் திருமணத்தை வாழ்த்துகிறேன்' என்பதே எழுதியவரின் எண்ணம். நல்ல எண்ணம், ஆனால் இரண்டு வரியில் நான்கு இடறல்கள் இருக்கின்றன.

முதலாவது, 'கிம் ஸ்ஸி'. 'ஸ்ஸி' என்பதை அகராதி 'திரு' என்று காட்டும். ஆனால் வெறும் குடும்பப்பெயரோடு அதைச் சேர்த்தால் மரியாதை கூடாது, குறையும். கூலிவேலைக்கு வந்தவரைக் கூப்பிடும் தொனி அதில் இருக்கிறது. முழுப்பெயரோடு அல்லது சொந்தப் பெயரோடு சேர்த்தால் சமவயது ஊழியர்களுக்குள் அது பொருந்தும். தன்னைவிட மேலானவருக்கு அப்போதும் பொருந்தாது. அலுவலகத்தில் பழகிய வழி, பதவிப்பெயரோடு 'நிம்' சேர்ப்பது. ஆகவே 'கிம் தேரிநிம்'. பதவிப்பெயரையே விட்டுவிட்டுப் பெயரோடு நிம் சேர்க்கும் வழக்கத்தைச் சி.ஜே. குழுமம் 2000-ல் கொண்டுவந்தது. பிறகு வேறு பல நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று கவனித்து, அதையே அட்டையில் எழுதுங்கள்.

இரண்டாவது, 'எகே'. இது நம் நான்காம் வேற்றுமையின் 'கு' செய்யும் வேலையைச் செய்வது. மரியாதைக்கு உரியவருக்கு எழுதும்போது அதன் இடத்தில் 'க்கே' வரும். நிம் என்று எழுதிவிட்டு எகே என்று முடித்தால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கியதாகிவிடும். 'கிம் தேரிநிம்க்கே' என்பதே சரி.

மூன்றாவதுதான் மிகப் பெரிய இடறல்: 'தாங்ஷின்'. தமிழில் 'உங்கள் திருமணம்' என்று சொல்லாமல் வாழ்த்தவே முடியாது என்று நமக்குத் தோன்றும். அகராதியில் 'நீங்கள்' என்று தேடினால் தாங்ஷின் கிடைக்கும். ஆனால் அது நம் 'நீங்கள்' அல்ல. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அப்படி அழைப்பார்கள். விளம்பரங்கள் முகம் தெரியாத வாசகரை அப்படி அழைக்கும். தெருவில் சண்டை முற்றும்போதும் அதே சொல் வரும். உடன் வேலை செய்பவரை நோக்கி அதை எழுதும் இடமே இல்லை. மரியாதையான முன்னிலைப் பெயர் என்று எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் கொரியத்தில் கிடையாது. அந்த இடத்தைப் பதவிப்பெயரால் நிரப்புவார்கள், அல்லது காலியாக விட்டுவிடுவார்கள். அட்டையின் தலைப்பில் அவர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. திருமணம் யாருடையது என்று யாருக்கும் ஐயம் வராது. 'உங்கள்' என்பதை எடுத்துவிடுங்கள், வரி தானாக நிமிர்ந்துகொள்ளும்.

நான்காவது, 'சுக்காஹாஷிம்னிதா'. இதில் இடையே ஒரு 'ஷி' நுழைந்திருக்கிறது. நான் சொன்ன இரண்டாவது மரியாதையின் இடம் அது. செயலைச் செய்பவர் உயர்ந்தவர் என்று காட்டுவது ஷி. தமிழில் 'வந்தான்' என்பதை 'வந்தார்' ஆக்கும் வேலை. கொரியம் கற்கத் தொடங்கியவர்கள் ஷியைக் கூட்டினால் பணிவு கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இங்கே வாழ்த்துகிறவர் யார்? எழுதுகிற நீங்கள். அங்கே ஷி வைத்தால் உங்களையே நீங்கள் உயர்த்திக்கொள்கிறீர்கள், அல்லது வேறு யாரோ ஒரு பெரியவர் வாழ்த்துகிறார் என்று பொருள் மாறிவிடுகிறது. இந்த ஷி தவறான இடத்தில் விழுவது கொரியர்களிடையேயும் நடக்கிறது. காபிக்கடை ஊழியர்கள் வாடிக்கையாளரிடம் பணிவு காட்டும் ஆசையில் 'காபி வந்திருக்கிறார்' என்கிற மாதிரி காபிக்கு ஷி சேர்த்துப் பேசுவதுண்டு. கொரிய மொழி அறிஞர்கள் அதைப் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறார்கள். காபிக்கு ஷி இல்லை. உங்கள் சொந்தச் செயலுக்கும் இல்லை.

நான்கையும் திருத்தி, 'மனமார' என்ற பொருளில் 'ஜின்சிமுரோ' என்ற சொல்லைச் சேர்த்தால் வரி இப்படி நிற்கும்:

கிம் தேரிநிம்க்கே
கியொல்ஹோனுல் ஜின்சிமுரோ சுக்காஹம்னிதா.

'திருமணத்தை மனமார வாழ்த்துகிறேன்.' இதற்கு மேல் இந்த வரியில் ஒன்றும் கூட்ட வேண்டாம்.

ஆனால் அட்டை இங்கே முடியவில்லை. தமிழில் 'வாழ்த்து' என்று சொன்னால் நடந்ததைப் பாராட்டுவதும் அதில் அடங்கும், இனி நன்றாக வாழ வேண்டும் என்று விரும்புவதும் அடங்கும். கொரியத்தின் சுக்கா முதல் பாதியை மட்டும்தான் செய்கிறது. கல்யாணம் என்ற நிகழ்வுக்கான பாராட்டு அது. இனிவரும் வாழ்வுக்கான விருப்பத்தைச் சொல்ல 'பாரம்னிதா' என்ற வேறொரு வினை வேண்டும். 'விரும்புகிறேன்' என்று அதற்குப் பொருள். ஆகவே இரண்டாவது வாக்கியம்:

து புன் நுல் ஹேங்போக்காஷிகிருல் பாரம்னிதா.

'து புன்' என்றால் 'இருவர்'. மரியாதையோடு மனிதரை எண்ணும் சொல் 'புன்'. தம்பதியரை எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்கு அழகான விடை அது: 'நீங்கள்' என்ற சொல்லும் வேண்டியதில்லை, மணமகளின் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'நுல்' என்றால் எப்போதும். 'ஹேங்போக்' என்றால் மகிழ்ச்சியான வாழ்வு. அதற்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள்: 'காஷிகிருல்'. இங்கே ஷி இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மகிழ்ச்சியாக வாழப்போகிறவர்கள் அவர்கள். செயல் அவர்களுடையது, எனவே ஷி அவர்களுக்கு. அதே வாக்கியத்தின் கடைசியில் வரும் 'பாரம்னிதா'வில் ஷி இல்லை. விரும்புகிறவர் நீங்கள். ஒரே வாக்கியத்துக்குள் அவர்கள் செய்யும் செயலில் ஷி, நீங்கள் செய்யும் செயலில் ஷி இல்லை, இரண்டையும் மூடும் வாலில் கேட்பவருக்கான ம்னிதா. இந்த ஒரு வரி விளங்கிவிட்டால் கொரிய மரியாதையின் எலும்புக்கூடு முழுவதும் கையில் வந்துவிட்டது.

இதே விருப்பத்தைப் பேச்சில் 'ஹேங்போக்காஸேயோ' என்று சுருக்கிச் சொல்வதுண்டு. 'மகிழ்ச்சியாக இருங்கள்' என்ற பொருள். எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனாலும் இலக்கணத்தில் கண்டிப்பானவர்கள், பண்பைக் குறிக்கும் சொல்லை ஏவலாக்கக் கூடாது என்பார்கள். அட்டையில் நேரம் எடுத்து எழுதுகிறீர்கள், எனவே பாரம்னிதாவோடு முடிப்பதே நிறைவானது.

கடைசியாகக் கையொப்பம். உங்கள் பெயருக்குப் பின்னால் 'துரிம்' என்று எழுதுவார்கள். 'கொடுப்பது, சமர்ப்பிப்பது' என்ற பொருளில் வரும் பணிவுச் சொல். சமமானவருக்கும் சற்று மேலானவருக்கும் துரிம் போதும். மிக மேலானவருக்கு 'ஓல்லிம்' என்று எழுதுவார்கள். உங்கள் பெயரோடு நிம், ஸ்ஸி எதையும் சேர்க்கக் கூடாது. அவை பிறருக்குத் தருவதற்கானவை. உங்கள் பதவியையும் எழுத நினைத்தால் பெயருக்கு முன்னால் எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் பதவி வந்தால் அது மற்றவர் நம்மை அழைக்கும் முறையாகிவிடும், தன்னைத் தானே உயர்த்திக்கொண்டதாகப் படும்.

முழு அட்டையும் இப்போது இவ்வளவுதான்:

கிம் தேரிநிம்க்கே
கியொல்ஹோனுல் ஜின்சிமுரோ சுக்காஹம்னிதா.
து புன் நுல் ஹேங்போக்காஷிகிருல் பாரம்னிதா.
(உங்கள் பெயர்) துரிம்

அட்டையில் இதைக் கொரிய எழுத்தில் எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. காதில் கேட்பதும் எழுத்தில் நிற்பதும் வேறு. முதல் எழுத்துக்கட்டு 'சுக்' என்று ககர ஒற்றில் முடிகிறது. அடுத்த கட்டு 'ஹா' என்று தொடங்குகிறது. அந்த ஒற்றும் ஹகரமும் கலந்து காதில் 'சுகா' என்று மூச்சோடு கூடிய ககரமாக ஒலிக்கிறது. கேட்டபடி எழுதினால் கொரிய இளைஞர்கள் கைபேசியில் விளையாட்டாக எழுதும் வடிவம் வந்துவிடும். திருமண அட்டையில் அது குழந்தைத்தனமாகத் தெரியும். அதேபோல் 'ஹம்னிதா' என்று கேட்பது எழுத்தில் 'ஹப்-நி-தா'. பின்னால் வரும் நகரம், முன்னால் நிற்கும் பகர ஒற்றை மகரமாக மாற்றுகிறது. 'கியொல்ஹோன்' என்பதும் பேச்சில் ஹகரம் தேய்ந்து 'கியொரோன்' போலக் கேட்கும். எழுத்தில் ஹகரம் நிற்க வேண்டும். சுக்காஹம்னிதா முழுவதும் ஒரே சொல், நடுவில் இடைவெளி விடக் கூடாது. அதற்கு முன்னால் வரும் கியொல்ஹோனுல், ஜின்சிமுரோ ஆகிய சொற்களுக்குப் பிறகு இடைவெளி வேண்டும். பெயரைச் சிவப்பு மையில் எழுதவும் வேண்டாம். நமக்கு மங்கல நிறம் என்றாலும், கொரியாவில் சிவப்பில் எழுதிய பெயர் சாவை நினைவூட்டும்.

இனி மூன்றாவது மரியாதைக்கு வருவோம். மணமகன் தேரியாக இல்லாமல் உங்கள் துறைத்தலைவர், அதாவது புஜாங் என்றால்? அல்லது அவருடைய மகளுக்குத் திருமணம் என்றால்? கொரிய அலுவலகங்களில் மேலதிகாரியின் பிள்ளைகள் கல்யாணத்துக்கும் அழைப்பு வருவது சாதாரணம். இங்கே சுக்காஹம்னிதா தவறில்லை. ஆனால் பெரும்பாலோர் 'சுக்காதுரிம்னிதா' என்று எழுதுவார்கள். அதில் வரும் 'து' நம் குற்றியலுகரம் போல உதடு குவியாமல் ஒலிக்கும். 'துரி' என்பது 'கொடு' என்பதன் பணிவு வடிவம். கையொப்பத்தில் பார்த்த துரிம் பிறந்த வேர் அதுவே. 'வாழ்த்துகிறேன்' என்பது 'வாழ்த்தைச் சமர்ப்பிக்கிறேன்' என்று ஆகிறது. கேட்பவரை உயர்த்தும் விகுதி அப்படியே இருக்க, பேசுகிறவர் தன் செயலை ஒரு படி தாழ்த்திக்கொள்கிறார்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொரியாவிலேயே ஒரு கருத்து வேறுபாடு இருந்தது. வாழ்த்து ஒரு பொருளா, கையில் எடுத்துச் சமர்ப்பிப்பதற்கு என்று சிலர் கேட்டார்கள். 1992-ல் வந்த பேச்சு நெறி விளக்கம் சுக்காஹம்னிதாவே சரி, துரி தேவையற்ற மிகைப்பணிவு என்ற நிலையை எடுத்தது. மக்கள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, தொடர்ந்து சொன்னார்கள். 2011-ல் தேசிய கொரிய மொழி நிறுவனம் வெளியிட்ட மொழிப் பண்பாட்டு நெறி, மரியாதையை இன்னும் தெளிவாகக் காட்டும் வடிவம் என்று அதையும் ஏற்றுக்கொண்டது. எனவே இன்று இரண்டுமே சரி. வயதில் மூத்த ஒருவர் சுக்காதுரிம்னிதாவைத் திருத்தினால், அவர் பழைய நெறியில் படித்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

புஜாங்கின் மகளுக்குத் திருமணம் என்றால் வரி இப்படி அமையும்: 'புஜாங்நிம், தானிமெ கியொல்ஹோனுல் ஜின்சிமுரோ சுக்காதுரிம்னிதா.' 'தால்' என்றால் மகள். மற்றவர் மகளை மரியாதையாகச் சொல்லும்போது 'தானிம்' ஆகும். மகன் 'ஆதுல்', மரியாதையில் 'ஆதுனிம்'. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வயது குறைவு, நீங்கள் அவரைப் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் நிம் வருகிறது, ஏனென்றால் அது அப்பாவுக்குப் போய்ச் சேரும் மரியாதை. கையொப்பத்தில் ஓல்லிம்.

கீழ்ப்பக்கம் இறங்கினால்? உங்களைவிட இளைய ஊழியருக்கு எழுதும்போது பான்மாலில் 'சுக்காஹே' என்று எழுதலாமா? அவரும் நீங்களும் ஏற்கெனவே அப்படிப் பேசிக்கொண்டால் மட்டும் எழுதலாம். வயது குறைவு என்பது மட்டும் அந்த உரிமையைத் தராது. கொரியர்கள் இருவர் மரியாதைப் பேச்சிலிருந்து இறங்கிவருவதற்கு முன்னால், 'பேச்சைத் தளர்த்திக்கொள்ளலாமா' என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வார்கள். மூத்தவர் அனுமதிப்பார், அல்லது தானே முன்மொழிவார். அந்த உரையாடல் நடக்கவில்லை என்றால் சுக்காஹேயோ அல்லது சுக்காஹம்னிதாவிலேயே நில்லுங்கள். ஒரே அட்டையில் ஹேயோவும் ம்னிதாவும் கலந்து வரலாம். கொரியர்களே அப்படி எழுதுகிறார்கள். ஆனால் ம்னிதாவில் தொடங்கி நடுவில் ஹேக்கு இறங்கினால் படிக்கிறவருக்குச் சட்டென்று இடறும்.

திருமணம் முடிந்த பிறகுதான் செய்தி தெரிந்தது என்றாலும் சொல் மாறாது. வாழ்த்தும் செயல் இப்போது நடக்கிறது. அதை இறந்தகாலத்தில் எழுதக் கூடாது. 'தாமதமானாலும்' என்ற பொருளுள்ள 'நுஜொச்சிமான்' என்ற சொல்லை முன்னால் வைத்து, 'கியொல்ஹோனுல் சுக்காஹம்னிதா' என்றே எழுதுங்கள்.

எதை எழுதாமல் இருப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. கொரியத்தில், கருங்கூந்தல் வெங்காயத்தாளின் வேர் போல் வெளுக்கும்வரை சேர்ந்து வாழுங்கள் என்று ஓர் அழகான மரபுத்தொடர் இருக்கிறது. அது கல்யாணத்தை நடத்திவைக்கும் பெரியவர் மணமக்களுக்குச் சொல்வது. அவர் இருக்கும் இடத்திலிருந்து சொன்னால்தான் அது ஆசியாகும். சமவயதுக்காரர் தேரிக்கு எழுதினால் வயதுக்கு மீறிய பேச்சாகத் தெரியும். கீழே வேலை செய்பவர் புஜாங்குக்கு எழுதினால் இன்னும் பொருந்தாது. பிள்ளைச் செல்வம் பெறுங்கள் என்று எழுதுவதும் அப்படித்தான். நம் ஊர்ப் பதினாறு பேறுகளை நினைத்து அன்போடு எழுதினாலும், உடன் வேலை செய்பவரிடமிருந்து வரும்போது இன்றைய கொரியத் தம்பதிக்கு அது சுமையாகலாம்.

கடைசியாக அட்டைக்கும் பணஉறைக்கும் உள்ள வேறுபாடு. கொரியக் கல்யாணத்தில் அட்டை கட்டாயமல்ல, உறைதான் வழக்கம். மண்டப வாசலில் மேசை போட்டு மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் தனித்தனியாக உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளை உறையில் அன்பளிப்புப் பணத்தை வைத்துக் கொடுத்து, பதிவேட்டில் பெயர் எழுதினால் சாப்பாட்டுச் சீட்டு தருவார்கள். பணம் 30,000, 50,000, 70,000 வோன் என்று ஒற்றைப்படையில் தொடங்கும், அல்லது 1,00,000 வோன். 40,000 வைக்க மாட்டார்கள். நான்கைக் குறிக்கும் 'சா' என்ற ஒலி சாவையும் குறிக்கும். உறையின் முன்பக்கம் மேலிருந்து கீழாக 'சுக் கியொல்ஹோன்' என்று எழுதுவார்கள், பல நேரம் சீன எழுத்தில். பின்பக்கம் இடது கீழ் ஓரத்தில் கொடுப்பவரின் பெயரும் நிறுவனமும் வரும்.

அந்த உறையை எடுத்துப் பாருங்கள். 'சுக் கியொல்ஹோன்' என்பதில் வினையே இல்லை. வினை இல்லாததால் விகுதி இல்லை, விகுதி இல்லாததால் மரியாதைப் படியும் இல்லை. தேரிக்கும் அதே எழுத்து, புஜாங்குக்கும் அதே எழுத்து, நண்பனுக்கும் அதே எழுத்து. உறையைக் கொடுக்கும் எவரும் உறவை அளந்து பார்க்க வேண்டியதில்லை. அட்டையில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. ஒரு வினைச்சொல்லை எழுதிய கணத்திலேயே, அவர் எனக்கு யார் என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். உறையோடு சேர்த்து இரண்டு வரி எழுதித் தரும் சக ஊழியரைக் கொரியர்கள் நினைவில் வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். அவர் தன்னை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார் என்பதை யோசித்து எழுதியிருக்கிறார் என்பது அந்த விகுதியில் தெரிந்துவிடுகிறது.

எனவே எழுதி முடித்ததும் அட்டையில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லின் மேலும் விரலை வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இதைச் செய்கிறவர் யார்? அவர்கள் என்றால் ஷி இருக்கட்டும், நான் என்றால் வேண்டாம். இதைப் படிக்கிறவர் யார்? அதற்கேற்ப வால் இருக்கட்டும். பிறகு மேலே நிம்க்கே, கீழே துரிம் இரண்டும் அந்த வாலோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 'தாங்ஷின்' எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அடித்து எழுத வேண்டாம். புதிய அட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமண நாளுக்கு முன்பே இரண்டு கையாலும் நீட்டிக் கொடுங்கள். கொடுக்கும்போது வாய்திறந்து சொல்ல வேண்டிய சொல்லும் அட்டையில் உள்ளதேதான்: சுக்காஹம்னிதா.